தனியாகப் பேச நேரம் கேட்டு எழுதும் மெயில்: மொட்டையாகவா, வேலி போட்டா?

எங்கள் கணக்குப் பிரிவில் ஒருவர் ஒரே டாக்ஸி பில்லை இரண்டு மாதக் கணக்கிலும் வைத்துப் பணம் வாங்கியிருந்தார். பில் எண் ஒன்றுதான், தேதி மட்டும் பேனாவால் திருத்தப்பட்டிருந்தது. தெரிந்தே செய்தாரா, குழப்பத்தில் நடந்ததா என்று எனக்குத் தெரியாது. மெயிலில் பெயரை எழுதிவிட்டால், நாளை அவர் மேல் தப்பில்லை என்று ஆனாலும் அந்த மெயில் கிடக்கும், யாருக்கும் ஃபார்வர்டு ஆகலாம். அதனால் மேலாளரை நேரில் பார்த்துப் பேச நினைத்தேன். அவர் வேறு மாடியில், பாதி நாள் மீட்டிங்கில் இருப்பவர். போய் எட்டிப் பார்க்க முடிகிற இடத்தில் மேலாளர் இருந்தால் இந்த அலசலே வேண்டாம், எழுந்து போய்க் கேட்டுவிடுங்கள்.

முதலில் நான் அனுப்பியது காரணம் எதுவும் சொல்லாத மொட்டை மெயில். ‘மேடம், ஒரு முக்கியமான விஷயம். தனியாகப் பேச வேண்டும்.’ அதுவும் வெள்ளிக்கிழமை மாலை. திங்கள் காலை அவர் கேட்ட முதல் கேள்வி: “எங்கே வேலை கிடைச்சிருக்கு?” நான் ராஜினாமா செய்யப் போகிறேன் என்று முடிவு கட்டி, மனிதவளப் பிரிவில் என் சம்பளம் பற்றி விசாரித்தும் விட்டார். பக்கத்தில் ஆள் இருந்ததால் அன்று விஷயத்தைச் சொல்லவும் முடியவில்லை.

இன்னொரு வழி, மெயிலே இல்லாமல் காலெண்டரில் அழைப்பு அனுப்புவது. வேகமான வழிதான். ஆனால் பல அலுவலகங்களில் மேலாளரின் காலெண்டரை அவருடைய உதவியாளரும் பார்ப்பார், சில இடங்களில் எல்லோருமே பார்க்கலாம். அவுட்லுக்கில் ‘Private’ என்று குறித்தால் தலைப்பு மற்றவர்களுக்கு மறையும். ஆனால் தனிப்பட்ட பதிவுகளையும் பார்க்க உதவியாளருக்கு அனுமதி கொடுத்திருந்தால் அவருக்குத் தெரியும். அதே அவுட்லுக்கில் மெயிலுக்குப் போடும் ‘Confidential’ குறி ஒரு பூட்டு அல்ல, வெறும் அறிவிப்புதான். உண்மையில் அது இன்னும் இரண்டு பேரை எட்டிப் பார்க்க வைக்கும்.

இரண்டாவது முறை, விஷயம் எதைப் பற்றியது அல்ல என்று வேலி போட்டு எழுதினேன். தமிழில் சொன்னால் இப்படி:

‘தலைப்பு: புதன்கிழமை 20 நிமிடம் கிடைக்குமா?

மேடம், வேலை தொடர்பாக நான் கவனித்த ஒன்றைத் தங்களிடம் நேரில் சொல்ல விரும்புகிறேன். என் ராஜினாமாவோ சம்பளமோ பற்றியது அல்ல. இன்றே செய்ய வேண்டிய அவசரமும் இல்லை, ஆனால் இந்த வாரத்துக்குள் பேசினால் நல்லது. நாம் இருவர் மட்டும் இருக்கும் இடமாக இருந்தால் போதும். இரண்டு காகிதங்கள் கொண்டு வருவேன்.’

இதில் வேலை செய்வது அந்த ‘அல்ல’தான். காரணம் சொல்லாத மெயிலைப் படிப்பவர் அந்த இடத்தைத் தன் பயத்தால் நிரப்பிக்கொள்கிறார். எந்தப் பயம் முதலில் வரும் என்று யோசித்து, அதை மட்டும் அடைத்துவிட்டால் போதும். ஆனால் இரண்டுக்கு மேல் அடுக்கக் கூடாது. ‘சம்பளம் அல்ல, உடல்நலம் அல்ல, அணியில் சண்டையும் அல்ல’ என்று எழுதினால் மிச்சம் என்ன என்பதை யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். ‘பில்’ என்ற சொல்லையும் இதனால்தான் தவிர்த்தேன். எங்கள் பிரிவில் பில்லைத் தொடுபவர்கள் மூன்றே பேர். தலைப்பில் வெறும் நேரம் மட்டும் இருப்பதும் வேண்டுமென்றேதான். மேலாளர் திரையைப் பகிரும்போது மூலையில் முதலில் எட்டிப் பார்ப்பது அந்த வரிதான்.

“எதைப் பற்றி? சுருக்கமா எழுதுங்க” என்றுதான் பதில் வந்தது. இங்கே பலர் தளர்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிடுவார்கள். ‘எழுதினால் ஒருவர் பெயரை எழுத வேண்டி வரும், முதலில் தாங்கள் பார்த்துவிடுங்கள் மேடம்’ என்று ஒரே வரி அனுப்பினேன். அடுத்த ஐந்து நிமிடத்தில் நேரம் வந்தது.

பாலியல் தொல்லை போன்ற விஷயத்தில் எனக்கு அனுபவம் இல்லை, அதனால் இதே மெயிலைச் சிபாரிசு செய்யத் தயக்கம். அங்கே நேரில் பேசியது மட்டும் புகாராகாது. பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான இந்தியாவின் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் உள்புகார்க் குழுவிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். மேலாளரின் நேரத்துக்காகக் காத்திருக்கும் நாட்களும் அந்தக் கணக்கில்தான் ஓடும்.

என் விஷயத்தில் புதன்கிழமை பன்னிரண்டு நிமிடத்தில் பேச்சு முடிந்தது. மேடம் இரண்டு பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “இதை இப்போ எழுத்தில் கொடுங்க, தணிக்கைப் பிரிவுக்கு மட்டும்” என்றார். அப்போதுதான் பெயரை எழுதினேன்.