வாட்ஸ்அப்பில் சேலை விற்க: நெசவாளரா, மொத்த வியாபாரியா?

பினாங்கிலோ கோலாலம்பூரிலோ குழு தொடங்கிச் சேலை விற்பவர்களுக்குச் சரக்கு வர இரண்டு வழி. தமிழ்நாட்டுத் தறிக்காரரிடம் நேரே எடுக்கலாம். அல்லது மஸ்ஜித் இந்தியா, லிட்டில் இந்தியா பக்கத்து மொத்தக் கடைகளின் படத்தைப் போட்டு, விற்ற சேலைக்குக் கமிஷன் வாங்கலாம். முதல் வழியில்தான் லாபம் என்ற பேச்சு பாதிதான் உண்மை.

கணக்கைப் பாருங்கள். ரிங்கிட்டுக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 1,400 ரூபாய்ப் பருத்திச் சேலை ஐந்து எடுத்தால் 350 ரிங்கிட். மூன்று கிலோவுக்குள் வரும் பார்சலுக்குக் கொரியர் 110 என்றால் ஒரு சேலையின் அடக்கம் 92. அதை 125க்கு விற்றால் 33 நிற்கும், ஐந்தும் போனால் 165. ஒன்றே ஒன்று கறையோடு வந்தோ விலைபோகாமலோ தங்கிவிட்டால் கையில் மிஞ்சுவது 40தான். பார்சலின் மதிப்பு கொரியர் செலவோடு சேர்த்து 500 ரிங்கிட்டைத் தாண்டினால் சுங்க வரியும் உண்டு. உள்ளூர் மொத்தக் கடையில் சேலைக்கு 15 ரிங்கிட் கமிஷன் என்றால், அதே 165ஐப் பார்க்க 11 சேலை விற்க வேண்டும். ஆனால் சொந்தப் பணம் ஒரு காசு முடங்காது.

நெசவாளர் வழியில் முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல, சேலை யாருடையது என்பதை. தறியில் உட்கார்ந்திருப்பவர் பலர் கூலிக்கு நெய்பவர்கள். நூலும், தறியில் நீளவாக்கில் ஏற்றிய நூலான பாவும், கூலி கொடுத்து நெய்ய வைக்கும் மாஸ்டர் வீவருடையதோ கூட்டுறவுச் சங்கத்துடையதோ ஆக இருக்கும், கூலிக்கு நெய்பவர் அந்தச் சேலையை வெளியே விற்க முடியாது. ‘நேரடி நெசவாளர்’ என்று குழுவில் வருபவர் உண்மையில் இடைத்தரகராகவும் இருக்கலாம். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: “அண்ணா, இதே நிறத்தில் இருபது வேணும், அடுத்த வாரம் அனுப்ப முடியுமா?” என்று கேட்டுப் பாருங்கள். “முடியும்” என்று உடனே சொல்பவர் பெரும்பாலும் வியாபாரி. தறிக்காரர் பாவில் இன்னும் எத்தனை சேலைக்கு நூல் இருக்கிறது என்று பார்த்துத்தான் பதில் சொல்வார்.

இதனால்தான் மொத்த ஆர்டருக்கு நெசவாளர் வழி ஒத்துவராது. பினாங்குத் தைப்பூசத்துக்கு ஒரு குழு 12 மஞ்சள் பருத்திச் சேலை கேட்கிறது என்று வையுங்கள். சேலைக்கு இரண்டரை நாள் என்றாலும் ஒரு தறிக்கு முப்பது நாள் ஆகும். அது நடுவில் ஐப்பசி, கார்த்திகை மழையில் மாட்டிக்கொண்டால், குழித்தறியில் ஈரம் ஏறும், கஞ்சி போட்ட பாவு காய வெயில் இருக்காது. இரண்டு தறியில் பிரித்துப் போட்டாலோ சாயம் இரண்டு தடவையாகத் தோய்த்ததாக இருந்து மஞ்சளில் நிற வித்தியாசம் தெரியும். பூஜையில் வரிசையாக நிற்கும்போதுதான் அது கண்ணில் படும். இந்த ஆர்டரை மொத்தக் கடைக்கே விடுங்கள்.

மொத்தக் கடையின் தொல்லை வேறு. ஒரே படம் பத்துக் குழுவில் ஓடும். உங்கள் வாடிக்கையாளர் “அக்கா, பச்சை எனக்கு” என்று எழுதும் நேரத்தில் அது வேறு ஒருவருக்குப் போயிருக்கும். ஆகவே கடையில் “பச்சை இருக்கா, எடுத்து வையுங்க” என்று கேட்டு, பதில் வந்த பிறகே பணம் கேளுங்கள். படம் போதாது, பகல் வெளிச்சத்தில் முந்தானை, கரை, உள்பக்கம், பிளவுஸ் துண்டு நான்கும் தெரியும் ஒரு நிமிட வீடியோ வேண்டும். குழாய் விளக்கில் எடுத்த நீலம் வீட்டில் ஊதாவாகத் திறந்தால், திருப்பி அனுப்பும் தபால் செலவு உங்கள் தலையில்தான் விழும்.

‘கைத்தறி’ என்று எழுதுவதிலும் கவனம் வேண்டும். சேலம் பக்கத்து ஊரான இளம்பிள்ளையிலிருந்து வரும் மலிவு சாஃப்ட் சில்க் பெரும்பாலும் விசைத்தறி. அழகான சேலைதான், அதை விசைத்தறி என்றே சொல்லி விற்கலாம். கைத்தறி என்று கடைக்காரர் சொன்னால், 2006இல் இந்திய அரசு கொண்டுவந்த கைத்தறி முத்திரை லேபிள் இருக்கிறதா என்று கேளுங்கள். லேபிள் இல்லாத கைத்தறியும் நிறைய உண்டு, அதனால் அது இல்லை என்பதற்காகவே ஒதுக்க வேண்டாம். கரையையும் உடலையும் தனித்தனி நூலில் நெய்து கோர்க்கும் கோர்வைச் சேலை என்றால் கரை உடலோடு சேரும் இடத்தை உள்பக்கம் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள், இணைப்பு விரலில் தட்டும்.

சுடிதார் மெட்டீரியலில் யோசிக்கவே வேண்டாம், மொத்தக் கடைதான். டாப் துணி பெரும்பாலும் இரண்டரை மீட்டர்தான் வரும். உடல் பெரியவர்களுக்கும் நீளக் கை கேட்பவர்களுக்கும் அது போதாமல் போகும், தையல்காரர் கைக்குப் போன பிறகு தெரிந்தால் சண்டைதான். அளவைப் படத்துக்குக் கீழேயே எழுதிவிடுங்கள். விலையையும் அங்கேயே போடுங்கள். ‘விலைக்குத் தனியாகக் கேளுங்கள்’ என்பது இங்கே வழக்கமாகிவிட்டாலும், இணையத்தில் விற்பவர் முழு விலையையும் விற்பவர் விவரத்தையும் காட்ட வேண்டும் என்பது மலேசியப் பயனீட்டாளர் பாதுகாப்பு விதி.