அகராதிப் பதிவுகளை நிரல்களாக்கக் கொடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கிளிநொச்சி மாவட்டத்திலுள்ள எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தினர், முதியவர்களிடம் கேட்டுத் தொகுத்த வன்னி வழக்குச் சொற்களை அகராதி வடிவில் வேர்டில் தட்டச்சு செய்து வைத்திருந்தோம். அவற்றைத் தலைச்சொல், இலக்கண வகை, பொருள், எடுத்துக்காட்டு என நான்கு நிரல்களாக எக்செலில் பிரித்துத் தருவதாக, வவுனியாவில் தரவு உள்ளீடு செய்துகொடுக்கும் ஒருவர் பாதிப் பணத்தை முற்பணமாக வாங்கிக்கொண்டு பொறுப்பேற்றார். முதலில் அவர் அனுப்பிய மாதிரிப் பக்கத்தில் ஒரு பிழையும் இருக்கவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தவர் அவரே. அதில் இருந்தவை எல்லாம் ஒரே பொருளுடைய பெயர்ச்சொற்கள். அதை அவர் கையால் பிரித்திருக்கிறார். மற்றப் பக்கங்களை என்ன செய்தார் என்பது முழுக் கோப்பும் வந்த பிறகுதான் தெரிந்தது.

நாங்கள் கொடுத்த பதிவுகளில் ஒன்று இது:

```
வான் (பெ.) 1. ஆகாயம். எ-டு: வான் இருண்டது. 2. (குளத்தில்) மேலதிக நீர் வழிந்தோடும் அமைப்பு. எ-டு: மாரி மழைக்கு இரணைமடு வான் பாய்ந்தது.
```

எங்களுக்குத் திரும்பி வந்த கோப்பில் இந்தச் சொல்லுக்கு '. ஆகாயம்.' என்ற பொருளும் 'வான் இருண்டது. .' என்ற எடுத்துக்காட்டும் மட்டுமே இருந்தன. நாங்கள் எதற்காக இந்தச் சொல்லைத் தொகுத்தோமோ, அந்தக் குளத்து வானைக் காணவில்லை. எடுத்துக்காட்டின் முடிவில் தனியே நின்ற அந்த இரண்டாவது புள்ளிதான் நடந்ததைக் காட்டிக்கொடுத்தது. அடைப்புக்குறிகளுக்கும் 'எ-டு:' என்பதற்கும் பதிலாக எல்லா இடத்திலும் டாப் இட்டு எக்செலில் ஒட்டியிருக்கிறார். இரண்டாவது பொருளின் முன்னிருந்த '(குளத்தில்)' என்ற அடைப்பும் அதனால் ஒரு நிரற்பிரிவாகிவிட, அது முதல் மீதியெல்லாம் ஐந்தாவது நிரலுக்கும் அதற்கு அப்பாலும் போய்விட்டது. கேட்டது நான்கு நிரல்கள் என்பதால் மிகுதி நிரல்களை அழித்துவிட்டார். நான்காவது நிரலின் முடிவில் அநாதையாக எஞ்சிய '2.' என்பது கண்ணில் பட்டிருக்கும். கோப்பிலிருந்த எண்களை எல்லாம் ஒரேயடியாக நீக்கியதால் புள்ளி மட்டும் மிஞ்சியது.

எண்களை நீக்கியதால் வந்த கேடு அதோடு நிற்கவில்லை. சூடு¹ என்பது வெப்பம், சூடு² என்பது போரடிப்பதற்காகக் குவித்து வைத்த நெற்கதிர்க் குவியல். மேலே சிறிதாக இட்ட எண்கள் வெறும் எழுத்தாக ஒட்டும்போது சாதாரண எண்களாகி 'சூடு1', 'சூடு2' என்று நிற்கும்; அவற்றையும் நீக்கினால் இரண்டும் ஒரே சொல்லாகத் தோன்றும். அதன்பின் தலைச்சொல் நிரலில் Remove Duplicates கொடுத்தால் முதலில் வருவதை மட்டும் எக்செல் வைத்துக்கொள்ளும். எங்கள் கோப்பில் வெப்பம் இருந்தது, வயற்சூடு போய்விட்டது. ஓர் எடுத்துக்காட்டில் இருந்த '3 ஏக்கர்' வெறும் 'ஏக்கர்' ஆனதும் இதே வழியில்தான்.

மூலம் எங்களிடம் இருந்தபடியால் மீண்டும் செய்ய முடிந்தது. ஒரு பொருளுக்கு ஒரு நிரை என்று முதலில் வைத்துக்கொண்டு, 2, 3 என்று எண்ணிட்ட பொருள் தொடங்கும் இடங்களில் வரியை உடைத்து, ஒவ்வொரு புதிய வரியின் முன்னும் தலைச்சொல்லையும் இலக்கண வகையையும் மறுபடி இட்டோம். அந்த வரிகளை கூகுள் ஷீட்ஸில் E நிரலில் ஒட்டி, A2 கலத்தில் இதை இட்டுக் கீழே இழுத்தால் நான்கு நிரல்களும் நிரம்பும்:

```
=REGEXEXTRACT(E2,"^(.+?) \(([^)]+)\) (.+?)(?: எ-டு: (.+))?$")
```

முதலாவது அடைப்பை மட்டுமே இது இலக்கண வகையாக எடுப்பதால், பொருளுக்குள் வரும் அடைப்பு அப்படியே இருக்கும். அடைப்பே இல்லாத வரிகளில் பிழைச்செய்தி வரும். அவற்றைக் கையால் பார்த்தோம்.

வேறொருவர் செய்து தந்த கோப்பைச் சோதிப்பதற்கும் இதைத் திருப்பிப் பிடித்தாலே போதும். நான்கு நிரல்களையும் மீண்டும் சேர்த்து மூல வரியோடு ஒப்பிட வேண்டும்:

```
=EXACT(E2,A2&" ("&B2&") "&C2&IF(D2="",""," எ-டு: "&D2))
```

FALSE வரும் நிரையில் ஏதோ விடுபட்டிருக்கிறது, அல்லது ஓர் இடைவெளியாவது மாறியிருக்கிறது. இலக்கண வகை நிரலுக்கு வடிகட்டி இட்டுப் பார்ப்பதும் உதவும்: பெ., வி., பெ.அ., வி.அ. போன்ற சில சுருக்கங்களைத் தவிர வேறு எது தெரிந்தாலும் அந்த நிரை பிசகியிருக்கிறது. மாதிரி கேட்கும்போது பல பொருளுள்ள பதிவு, பொருளுக்குள் அடைப்பு வரும் பதிவு, எண்ணிட்ட தலைச்சொல் ஆகியவற்றை நீங்களே பொறுக்கிக் கொடுங்கள். முழுக் கோப்பையும் சோதித்த பின்னரே மிகுதிப் பணம் என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள்.

நாங்கள் மிகுதியைக் கொடுக்கவில்லை. முற்பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "நாலு நிரல் கேட்டனீங்கள், நாலும் இருக்குத்தானே அண்ணை" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார்.