செந்தூல் அக்கா வீட்டுக் குளியலறை: மூன்று கொட்டேஷன், ஒரே வேலையா?

அக்காவின் அடுக்குமாடி வீட்டில் குளியலறையை மாற்ற மூன்று குத்தகையாளர்கள் விலை எழுதிக் கொடுத்தார்கள்: 8,500, 11,200, 12,800 வெள்ளி. அக்கா முதல் தாளையே கையில் வைத்திருந்தார். "4,300 வெள்ளி மிச்சம்டா தம்பி" என்றார். சரி, வேலை ஒன்றுதானா என்று உட்கார்ந்து பார்த்தோம்.

குளியலறை 5க்கு 7 அடி. தரை 35 சதுர அடி, சுவர் 8 அடி உயரத்துக்குக் கதவு போக ஏறக்குறைய 175. மொத்தம் 210. உடைசலுக்கு பத்து சதவீதம் சேர்த்தால் 231 சதுர அடி டைல்ஸ் வேண்டும். அக்கா பிடித்து வைத்த டைல்ஸ் சதுர அடி 6.50 வெள்ளி. மூன்று தாளையும் இந்த அளவுக்கே கொண்டுவந்தோம்.

முதல் தாளில் டைல்ஸ் வேலைக்கு ஒரே வரிதான். போன் போட்டுக் கேட்டால், பழைய டைல்ஸ் மேலேயே புதியதை ஒட்டுவாராம். டைல்ஸ் நாம் வாங்கித் தர வேண்டுமாம். அவர் விலையில் சேராதவை: உடைக்க 1,600, குப்பை அள்ள 500, வாட்டர்ப்ரூஃபிங் 1,300, டைல்ஸ் 1,501.50. ஆக 13,401.50. மலிவானது என்று நினைத்ததுதான் கடைசியில் அதிக விலை.

இரண்டாவதில் உடைப்பதும் குப்பையும் உண்டு. டைல்ஸுக்கு சதுர அடி 4 வெள்ளிதான் வைத்திருந்தார், வித்தியாசம் 577.50. வாட்டர்ப்ரூஃபிங் தரைக்கு மட்டும். தண்ணீர் அதிகம் படும் சுவருக்கும் கேட்டால் இன்னும் 700. ஆக 12,477.50.

மூன்றாவதில் தரையோடு சுவரில் 1 அடியும், ஷவர் பக்கம் 6 அடியும் இரண்டு பூச்சு வாட்டர்ப்ரூஃபிங் என்று எழுதியிருந்தது. டைல்ஸ் 6 வெள்ளி கணக்கு, 115.50 கூட்டினால் போதும்: 12,915.50. டைல்ஸ் ஒட்டும் முன் 24 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பார்ப்பது, கசிவுக்கு இரண்டு வருட உத்தரவாதம், கடைசி பத்து சதவீதப் பணம் வேலை முடிந்த பிறகு, இவையும் அதே தாளில்.

இரண்டாவதைவிட 438 வெள்ளி கூடுதல்தான். ஆனாலும் நான் இதைத்தான் எடுக்கச் சொன்னேன். 2013-ஆம் ஆண்டு ஸ்ட்ரேட்டா நிர்வாகச் சட்டப்படி, கீழ் வீட்டுக் கூரையில் ஈரம் தெரிந்தால், வேறு காரணம் நிரூபிக்கப்படும்வரை மேலிருந்து வருவதாகவே கருதுவார்கள். டைல்ஸ் ஒட்டிய பிறகு கசிந்தால் எல்லாவற்றையும் மறுபடி உடைக்க வேண்டும்.

பூச்சு காய்ந்ததும் தரை வடிகாலைத் துணி சுற்றி இறுக்கி அடைத்தார்கள். இரண்டு அங்குலம் தண்ணீர் விட்டு, சுவரில் பென்சிலால் கோடு போட்டார்கள். மறுநாள் தண்ணீர் அதே கோட்டில் நின்றது. கீழ் வீட்டு அங்கிள் ஏணி போட்டுக் கூரையைத் தடவிப் பார்த்துவிட்டு, "காய்ஞ்சுதான்மா இருக்கு" என்றார். அதற்குப் பிறகுதான் டைல்ஸ் பெட்டியைப் பிரிக்கச் சொன்னார் அக்கா.