ஒரு மூத்தவரா, இரண்டு புதியவர்களா? பத்தாவது ஆளின் கணக்கு

காட்பாடியில் நாங்கள் நடத்தும் வடிவமைப்பு ஸ்டூடியோவில் எட்டு ஊழியர்கள் இருந்தார்கள். ஆம்பூர், ராணிப்பேட்டை காலணி ஏற்றுமதியாளர்களின் பெட்டி, கேட்டலாக் வேலைகள் பெருகியதும் இரண்டு வழிகள் தெரிந்தன. ஒன்று, சென்னையில் இருந்து அனுபவசாலி ஒருவரை அழைப்பது. மற்றொன்று, உள்ளூரில் படித்து முடித்த இருவரைச் சேர்ப்பது. நான் இரண்டாவது வழியில் போனேன். இருபது மாதங்கள் ஆகின்றன.

மூத்தவருக்கு மாதம் 60, 65, 70 ஆயிரம் என்று ஆண்டுதோறும் ஏற்றினால் மூன்று ஆண்டுகளில் 23.4 லட்சம் ஆகிறது. புதியவர்களுக்குத் தலா 18, 22, 27 ஆயிரம் என்றால் இருவருக்கும் சேர்த்து 16.08 லட்சம்தான். மூத்தவர் முதல் நாளிலேயே வேலையைத் தொடங்கிவிடுவார், அதை மறுப்பதற்கில்லை.

என்னைத் தயங்க வைத்தது சம்பளமன்று, எண்ணிக்கை. மூத்தவர் வந்தால் ஒன்பது பேர். புதியவர்கள் வந்தால் பத்து. பத்தைத் தொட்டதும் ஈ.எஸ்.ஐ. வந்துவிடுகிறது, அதுவும் புதியவர்களுக்கு மட்டுமல்ல. 21,000 ரூபாய் வரை வாங்கும் பழைய ஐந்து பேரின் மொத்தச் சம்பளம் 80,000. நிறுவனத்தின் பங்கு 3.25 சதவீதம் என்பதால் அவர்களுக்கு 2,600, புதிய இருவருக்கு 1,170, ஆக மாதம் 3,770 ரூபாய். சம்பளம் 21,000-ஐத் தாண்டினாலும் அந்த ஆறு மாதப் பங்களிப்புக் காலம் முடியும்வரை கட்டத்தான் வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு 1.2 லட்சம் ஒதுக்கினேன். இதை நான் வீண்செலவாக நினைக்கவில்லை. பிள்ளைகளை நம்பியிருக்கும் பெற்றோரும் சிகிச்சைக்குள் வருகிறார்கள்.

பணிக்கொடைதான் சரியான பொறி. அதற்கும் எல்லை பத்துதான், பிறகு ஆள் குறைந்தாலும் சட்டம் விலகாது. பழைய பணிக்காலமும் கணக்கில் சேரும். ஆறு ஆண்டுகளாக இருக்கும் எங்கள் முதல் வடிவமைப்பாளரின் அடிப்படைச் சம்பளம் 20,000. அதை 26-ஆல் வகுத்து, 15-ஆலும் ஆறாலும் பெருக்கினால் 69,231 ரூபாய். பத்தாவது ஆள் கையெழுத்திட்ட அன்றே அது என் கடனாகிவிட்டது. இப்போது ஒவ்வொருவரின் அடிப்படைச் சம்பளத்திலும் ஏறக்குறைய 4.8 சதவீதத்தை மாதாமாதம் தனிக் கணக்கில் போட்டு வருகிறேன். வருங்கால வைப்புநிதி இருபது பேருக்குத்தான் கட்டாயம், அது இப்போதைக்குத் தூரம்.

ஈ.எஸ்.ஐ.யும் கூடுதல் கணினி ஒன்றுக்கு 80,000 ரூபாயும் சேர்த்தும் புதியவர்களுக்கு ஆவது 18.1 லட்சம்தான். பணிக்கொடையும் என் நேரமும் அதில் இல்லை. முதல் ஆறு மாதங்கள் தினமும் இரண்டு மணி நேரம் அவர்களோடு உட்கார்ந்தேன். ஒருவன் அட்டையின் தடிமனை விட்டுவிட்டு வரைந்ததில் பெட்டிக்கு மூடி பொருந்தவில்லை. நல்லவேளை, மாதிரிப் பெட்டியிலேயே தெரிந்துவிட்டது.

மூன்றாம் ஆண்டை நான் இன்னும் பார்க்கவில்லை. காட்பாடியில் காலை ரயில் ஏறினால் மதியத்துக்குள் பெங்களூரு. 27,000 அவர்களை நிறுத்துமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஒருவர் போய் இன்னொருவரைப் பழக்க மூன்று மாதம் ஆனாலும் கூடுதலாக 54,000 ரூபாய்தான். இருவரும் ஒன்றாகப் போனால் அந்தக் கணக்கு எடுபடாது.