அக்குள் வியர்வைக்கு ரோல்-ஆனா, ஊசியா?

ரெண்டையும் பார்த்தவன்ங்கிற முறையில சொல்றேன். மொதல்ல அலுமினியம் குளோரைடு ரோல்-ஆன், 20 சதவீதம். இது வியர்வை வர்ற குழாயோட வாயை அடைக்குது, ஆனா நிறைய பேர் காலைல குளிச்சுட்டு ஈரத்தோட தடவிட்டு "வேலை செய்யல, எரியுது"ன்னு விட்டுடறாங்க. ஈரத்தோட சேர்ந்தா அது ஆசிட் ஆகுது, அதான் எரிச்சல். நானும் அப்படித்தான் பண்ணி அக்குள் செவந்து போச்சு. அப்புறம் ராத்திரி படுக்கப் போகும்போது நல்லா காய வெச்சு தடவி, காலைல கழுவினேன், ஷேவ் பண்ண அன்னைக்குத் தொடல. ஒரு வாரத்துல சட்டை நனையறது பாதி குறைஞ்சுது, அப்புறம் வாரம் ரெண்டு தடவை போதும்னு ஆச்சு.

போட்டாக்ஸ் ஊசி வேற மாதிரி. வியர்வை சுரப்பிக்குப் போற நரம்பு சிக்னலையே நிறுத்துது. ஒரு அக்குளுக்கு வழக்கமா 50 யூனிட், அதைப் பத்து பதினஞ்சு இடத்துல தோலுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா போடுவாங்க, முன்னாடி அயோடினும் ஸ்டார்ச்சும் தடவுனா வியர்க்கற இடம் கருநீலமா தெரியும். ஒரு வாரம், ரெண்டு வாரத்துல காஞ்சிடும், அஞ்சாறு மாசம் தாங்கும், திரும்பப் போடணும், செலவும் திரும்ப வரும்.

அக்குளுக்கு மட்டும்னா ரோல்-ஆனை ஒரு மாசம் ஒழுங்கா பண்ணிப் பார்த்துட்டுதான் ஊசிக்குப் போவேன். உள்ளங்கைன்னா கதை மாறுது: தோல் தடிப்பு, ரோல்-ஆன் அவ்வளவா எடுபடாது, ஊசியோ செம வலி, மரத்துப் போக வெச்சுதான் போடுவாங்க, சில வாரம் பிடிமானம் தளரலாம், பாட்டில் மூடி திறக்கவே கஷ்டப்படுவீங்க.