டோம் டென்ட்டா, தார்ப்பாயா: சித்தூர்ப் பக்கம் முகாம் போகும் எட்டுப் பேர் அணிக்கு எது தோது?

பாலக்காட்டுக் கணவாய்க்குள் கார்த்திகை, மார்கழியில் கிழக்கிலிருந்து வீசும் காற்று சும்மா விடாது. சித்தூர், கொல்லங்கோடு பக்கம் கிறிஸ்துமஸ் விடுமுறையில் முகாம் போடும் சாரணர் அணிகள் முதலில் இந்தக் காற்றை மனதில் வைத்துத்தான் சாமான் பட்டியல் எழுத வேண்டும். கூடாரம் எதுவென்று முடிவானால் கயிறு எவ்வளவு, எந்த வகை என்பதும் அதோடு முடிவாகிவிடும்.

"நாலு பேர் டென்ட்" என்று விற்கும் டோம் டென்ட்டில் பையோடு மூன்று பேர்தான் படுக்க முடியும். அதனால் எட்டுப் பேருக்கு மூன்று டென்ட் வேண்டும். கொசு, பூச்சி உள்ளே வராது, பத்து நிமிடத்தில் எழுப்பிவிடலாம். ஆனால் அதன் ஃபைபர் கிளாஸ் கம்பி காற்றில் வளைந்து வளைந்து இணைப்புக்குப் பக்கத்தில் நீளவாக்கில் பிளந்துபோகும். பிளந்த இடத்தின் மேல் ஏற்றி டேப் சுற்ற, கம்பி நுழையும் அளவில் ஒரு சாண் இரும்புக் குழாய் பையில் இருக்கட்டும். கூடவே தரும் மெல்லிய முளைகள் செம்மண் கல்லில் அடித்தால் வளையும், இளகிய மண்ணில் பிடிக்காது. பட்டறையில் 8 மி.மீ. இரும்புக் கம்பியை முக்கால் அடிக்கு வெட்டி, தலையைக் கொக்கியாக வளைத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

தார்ப்பாய் என்றால் 18 அடிக்கு 12 அடி ஒன்றே போதும். நாலடி உயரத்தில் முகடு கட்டினால் கீழே ஏறக்குறைய ஒன்பதடி அகலம் விரியும். குறுக்காக ஆளுக்கு இரண்டடி என்று எட்டுப் பேரும் படுத்தது போக, ஓரத்தில் பைகளுக்கு இரண்டடி மிஞ்சும். முகடு தெற்கு வடக்காக ஓட வேண்டும், கிழக்குச் சரிவைத் தரையோடு ஒட்டி முளையடிக்க வேண்டும். அப்போது காற்று சரிவில் ஏறிப் போகும். திறந்த முனை கிழக்கே பார்த்தால் காற்று உள்ளே புகுந்து தார்ப்பாயை உப்பவைத்து முளையைப் பிடுங்கிவிடும்.

தார்ப்பாயில் முதலில் போவது அலுமினிய வளையம். கிழிந்துவிட்டால் அந்த இடத்தில் நெல்லிக்காய் அளவு வழுவழுப்பான கூழாங்கல்லை உள்பக்கமாக வைத்து, துணியோடு சேர்த்துப் பிடித்து, அதன் கழுத்தில் க்ளோவ் ஹிட்ச் போட்டு இறுக்குங்கள். வளையத்தைவிட இது உறுதியாகவே நிற்கும். எங்கள் தேர்வு தார்ப்பாய்தான், ஆனால் கொசுவலை தனியாக எடுத்துப் போக வேண்டும்.

இனி கயிறு. முகட்டுக்கு 8 மி.மீ. தடிமனில் 40 அடி ஒன்று, பக்கங்களுக்கு 6 மி.மீ. தடிமனில் ஏழடித் துண்டுகள் பத்து. கடையில் "நைலான்" என்று கொடுப்பது பல நேரம் பாலிபுரொப்பிலீன். ஒரு துண்டை வெட்டி வாளித் தண்ணீரில் அமுக்கி விடுங்கள். மிதந்தால் பாலிபுரொப்பிலீன், மூழ்கினால் நைலானோ பாலியெஸ்டரோ. மிதக்கும் கயிற்றில் முடிச்சு வழுக்கும், வெயிலில் நாள்பட்டால் நொறுங்கும். மூட்டை கட்ட வைத்துக்கொள்ளலாம். நைலான் பலமானது, ஆனால் பனியில் நனைந்தால் நீளும். காலையில் முகடு தொய்ந்திருப்பது அதனால்தான். படுக்கும் முன் ஒருமுறை இழுத்துக் கட்ட வேண்டும். பாலியெஸ்டர் அவ்வளவு நீளாது, கிடைத்தால் அதையே வாங்குங்கள். பருத்திக் கயிறு நேர்மாறு: நனைந்தால் சுருங்கி முளையை இழுக்கும், இரவில் சற்றுத் தளர்த்தி விட வேண்டும். மூங்கில் முக்காலி கட்ட மட்டும் தேங்காய்நார்க் கயிற்றுக்கு ஈடில்லை, மூங்கிலில் அது வழுக்காது.

சமையலில் விறகா கேஸா என்ற கேள்விக்கு இந்த மாதங்களில் கேஸ்தான் பதில். காய்ந்த புல்லில் காற்றோடு பறக்கும் பொறி ஆபத்து. சிலிண்டர் தலையிலேயே பர்னர் திருகும் வகையை வேண்டாம் என்கிறோம். காற்றுக்குத் தகரம் சுற்றி மறைத்தால் சூடு சிலிண்டருக்குத் திரும்பும். ரப்பர் குழாய் வைத்த அடுப்பு என்றால் அடுப்பை மட்டும் மறைத்து, சிலிண்டரைத் தள்ளி வைக்கலாம். இங்கே கடையில் சுலபமாகக் கிடைப்பது மட்டை அரிசி. அது வேகப் பொன்னியைவிட அதிக நேரமும் கேஸும் பிடிக்கும். வேளைக்கு ஒரு கிலோ பொன்னியும் வடிக்கப் பத்து லிட்டர் குண்டானும் எட்டுப் பேருக்குப் போதும்.

முதலுதவிக்குக் கடையில் விற்கும் பெட்டியில் சின்ன பிளாஸ்டர்தான் நிறைய இருக்கும். நீங்களே சேர்த்தால் முக்கோணக் கட்டுத்துணி நாலு, நாலங்குல க்ரேப் பேண்டேஜ் இரண்டு, காஸ் துணி, பொவிடோன் அயோடின், கத்தரி, சிமிட்டா, ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஆறு வையுங்கள். கொதிகஞ்சி பட்டால் மருந்து தேடாமல் 20 நிமிடம் ஓடும் குளிர்ந்த தண்ணீரில் காட்ட வேண்டும், அதற்குச் சமையல் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர் தனியாக இருக்கட்டும். பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டவோ கீறவோ கூடாது. கடித்த கை கால் அசையாமல் மூங்கில் பட்டை வைத்து முக்கோணத் துணியால் தளர்வாகக் கட்டி, 108-ஐ அழையுங்கள். விஷமுறிவு மருந்து இருக்கும் பக்கத்து ஆஸ்பத்திரி எது என்று முகாமுக்கு முன்பே விசாரித்து, பெட்டி மூடியின் உள்பக்கம் எழுதி ஒட்டுங்கள். எந்தப் பிள்ளைக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும்.