பானைக் கரையான்: நாலு வருடமாகக் குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில்

சிவகங்கைப் பக்கம் செம்மண் ஊர் எங்களுடையது. நாட்டுக்கோழி பத்துப் பெட்டையும் நாலு வாத்தும் நிற்கின்றன. கடைத் தீவனம் வாங்கிக் கட்டுப்படியாகாததால் குஞ்சுகளுக்குக் கரையான் பிடித்துப் போட ஆரம்பித்து நாலு வருடம் ஆகிறது.

விளிம்பு உடையாத பழைய மண்பானை ஒன்று போதும். கிழிந்த கோணிச்சாக்கு, காய்ந்த சாணி, பழைய அட்டை, ஓலைத்துண்டு எல்லாவற்றையும் திணித்து, கை ஈரமாகிற அளவுக்குத் தண்ணீர் தெளிப்பேன். வேலிக்கம்பில் கரையான் மண் ஏறியிருக்கிற இடமாகப் பார்த்து, சாயங்காலம் பானையை மண்ணோடு ஒட்டிக் கவிழ்த்துவிட வேண்டும். விடிந்ததும், வெயில் ஏறுமுன் எடுத்துத் தகரத்தட்டில் உதறினால் 12 குஞ்சுகளுக்கு ஒரு வேளைக்கு ஆகும். தரையில் கொட்டினால் பாதி மண்ணுக்குள் ஓடிவிடும்.

முதல் மாதம் எனக்குப் பாதி நாள் வெறும் பானைதான். தண்ணீரைக் கொட்டி நனைத்ததால் சாணி அழுகி நாறியது, கரையான் அண்டவில்லை. காய்ந்து கிடந்தாலும் ஏறாது. இன்னொரு நாள் திறந்தால் உள்ளே முழுக்க எறும்பு. எறும்பு புகுந்த பானையில் கரையான் மிஞ்சாது. இப்போது எறும்புச் சாரி போகிற இடத்தை விட்டுத் தள்ளித்தான் வைக்கிறேன்.

ஒரே இடத்தில் தொடர்ந்து ஒரு வாரம் வைத்தால் வரத்து குறைகிறது. நாலடி தள்ளி மாற்றினால் மறுபடி ஏறுகிறது. பானைக்கு வருவது இரை தேடும் வேலைக்காரக் கரையான்தான். ராணி மண்ணுக்குள் இருப்பதால் கூட்டம் அழியாது, புற்றை இடிக்கவும் தேவையில்லை.

சாக்கு விஷயத்தில் ஒரு குஞ்சை இழந்தேன். பிளாஸ்டிக் சாக்கின் நூலைக் கரையானோடு சேர்த்து விழுங்கியிருக்கிறது. இரை எடுக்காமல் ஒடுங்கி நின்றது, இரைப்பையைத் தொட்டால் கல் மாதிரி இருந்தது. அதிலிருந்து சணல் கோணி மட்டும்தான், அதையும் நன்றாக உதறி எடுத்த பிறகே குஞ்சுகளை விடுவேன்.

வாத்துக்குஞ்சுகள் கோழிக்குஞ்சைவிட வேகமாக அள்ளும். பக்கத்தில் அலகு மூழ்கும் ஆழத்துக்குத் தண்ணீர் வைக்காவிட்டால் மண் அப்பி மூக்குத்துளை அடைத்துக்கொள்ளும்.

கரையானில் புரதமும் கொழுப்பும் உண்டு, சுண்ணாம்புச்சத்து சொற்பம். முட்டையிடுகிற பெட்டைக்கு அதையே நம்பியதில் தோல்முட்டை வந்தது. கிளிஞ்சல் தூள் வைத்த பிறகு ஓடு கெட்டியானது. குஞ்சுக்கும் குருணை, தவிடு, கீரை கூடவே போகும்.

கரையானுக்கு மருந்தடித்த வீட்டோரம், தோப்போரம் பானை வைக்கவே மாட்டேன். எங்கள் வீட்டுச் சுவரோரமும் வைப்பதில்லை. உத்தரத்தில் ஏறிவிடும் என்று அம்மா முதல் நாளே சத்தம் போட்டார், அது சரிதான். செத்த கோழியில் புழு விட்டுப் போடலாம் என்றும் ஒருவர் சொன்னார். பிணத்துப் புழு தின்ற வாத்துக்குக் கழுத்து தொங்கிச் சாகிற நோய் வரும், அதனால் செத்ததை ஆழக் குழிதோண்டிப் புதைத்துவிடுகிறேன்.

சித்திரை, வைகாசியில் வரத்து நன்றாகவே குறைகிறது. அந்த இரண்டு மாதமும் பானையை மரத்தடி நிழலுக்கு மாற்றி, சுற்றியுள்ள மண்ணையும் நனைக்கிறேன். அப்படியும் இரண்டு பானை வைத்தால்தான் ஒரு பானை அளவு கிடைக்கிறது.